படத்தை மட்டும் பார்த்து ஸ்பார்க் பிளக்கும் ரிமோட் சாவியும் வாங்கலாமா?

கடை விலையில் பாதிக்கு இரிடியம் பிளக், அதுவும் "ஒரிஜினல், பேக் பிரிக்காதது" என்று விளம்பரம் வருகிறது. கூடவே நாலு படம். வாங்க நினைப்பவர் படத்தைப் பெரிதாக்கி, பீங்கானில் அச்சான பெயரையும் பெட்டியின் நிறத்தையும் பார்க்கிறார். எழுத்து சரியாக இருந்தால் நம்பிவிடுகிறார், கொஞ்சம் மங்கினால் போலி என்கிறார். இரண்டு முடிவுக்கும் அந்த எழுத்து போதாது. படத்தில் அதைவிடப் பலமான சாட்சிகள் இருக்கின்றன. அவை எங்கே, எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். பிளக்கைத்தான் விரிவாக எடுத்துக்கொள்கிறோம். ரிமோட் சாவிக்குக் கணக்கு வேறு என்பதால் அது தனியே வரும்.

## போலி செய்பவர் எதில் மிச்சம் பிடிக்கிறார்

அச்சும் அட்டைப்பெட்டியும் மலிவான சமாச்சாரம். நல்ல பெட்டி ஒன்றை ஸ்கேன் செய்து ஆயிரக்கணக்கில் அடித்துவிடலாம். மிச்சம் பிடிக்கப்படுவது உலோக வேலையில். மரையை உருட்டி எடுப்பது, மடித்த வாஷரைப் பிடிமானத்தோடு ஏற்றுவது, மெல்லிய இரிடியம் முனையை லேசரால் பற்றவைப்பது ஆகிய மூன்றுக்கும் நல்ல இயந்திரம் வேண்டும். அதனால் படத்திலும் முதலில் கண் போகவேண்டிய இடம் பிளக்கின் கீழ்ப்பாதி.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். படத்தால் "இது போலி" என்று தீர்க்கமாகச் சொல்ல முடியும்; "இது அசல்" என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது. பீங்கானுக்குள்ளே இருக்கும் ரெசிஸ்டரும் செம்பு நடுக்கம்பியும் எந்தக் கேமராவிலும் விழாது.

## பீங்கானில் இருக்கும் குறியை முதலில் படிக்க வேண்டும்

எடுத்துக்காட்டாக என்ஜிகே நிறுவனத்தின் CPR8EAIX-9 என்ற பிளக்கை எடுத்துக்கொள்வோம். குறியின் எழுத்துகள் அளவையோ அமைப்பையோ சொல்கின்றன. A-வை விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்ப்போம்.

1. C என்றால் மரையின் விட்டம் 10 மி.மீ., ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணம் 16 மி.மீ.
2. P என்றால் பீங்கான் நுனி உலோகக் கூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.
3. R என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு.
4. 8 என்பது வெப்ப எண். என்ஜிகேயில் எண் கூடக்கூட பிளக் 'குளிர்ந்தது', அதாவது சூட்டை வேகமாக வெளியே கடத்துவது. போஷில் இது நேர்த்தலைகீழ். இரண்டு நிறுவனத்தின் எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பிளக் மாற்றினால் இன்ஜின் கெட்டுப்போகும்.
5. E என்றால் மரை இறங்கும் நீளம் 19 மி.மீ. இதே இடத்தில் H இருந்தால் 12.7 மி.மீ.
6. IX என்பது இரிடியம் முனை. கடைசியில் வரும் 9 என்பது தீப்பொறி தாவும் இரண்டு முனைகளுக்கு நடுவே 0.9 மி.மீ. இடைவெளி.

குறியைப் படித்துவிட்டால் பிளக் எப்படி இருக்கவேண்டும் என்று கையில் ஒரு பட்டியல் கிடைத்துவிடுகிறது. படம் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே மீதி வேலை. பெரும்பாலான போலிகள் இங்கேயே சிக்கிக்கொள்ளும். மேலே IX என்று அச்சு இருக்கும், கீழே சாதாரண நிக்கல் முனை இருக்கும்.

ஊர்ப்பெயரில் ஏமாற வேண்டாம். "JAPAN" என்று இல்லையென்றால் டூப்ளிகேட் என்ற பேச்சு மெக்கானிக் கடைகளில் அடிக்கடி கேட்கும். என்ஜிகேவுக்கு ஹரியானாவின் பாவலில் தொழிற்சாலை இருக்கிறது. வேறு நாடுகளிலும் இருக்கிறது. ஊர்ப்பெயர் இல்லாதது குற்றம் இல்லை. இருப்பதும் சான்று இல்லை.

## ஸ்கேல் இல்லாமலே படத்தில் அளவெடுப்பது

பக்கவாட்டில் நேராக எடுத்த படம் ஒன்று இருந்தால் போதும். மரையின் விட்டம் 10 மி.மீ. என்று நமக்குத் தெரியும், அதையே ஸ்கேலாக வைத்துக்கொள்ளலாம். படத்தைக் கணினியிலோ போனிலோ திறந்து, மரை எத்தனை பிக்சல் அகலம் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். பிறகு மற்ற எதையும் இப்படிக் கணக்கிடலாம்:

```
அளவு (மி.மீ.) = பொருளின் பிக்சல் ÷ மரையின் பிக்சல் × 10
```

வாஷரின் அடியிலிருந்து உலோகக் கூட்டின் நுனிவரை உள்ள நீளம் மரை அகலத்தைப்போல 1.9 மடங்கு இருக்க வேண்டும். 12.7 மி.மீ. பிளக்காக இருந்தால் அது 1.3 மடங்கைத் தாண்டாது. கண்ணுக்கே தெரியும் வித்தியாசம் இது, அளவெடுப்பதில் கொஞ்சம் பிசகினாலும் குழப்பம் வராது. இதைப் பார்ப்பது அசலா போலியா என்ற கேள்விக்காக மட்டும் அல்ல. நீளம் குறைந்த பிளக்கைப் போட்டால் சிலிண்டர் ஹெட்டின் கீழ்மரைகளில் கரி ஏறிவிடும், அடுத்த முறை சரியான பிளக் இறங்காது. நீளம் கூடினால் பிஸ்டன் மேலே வரும்போது முட்டக்கூடும்.

அறுகோணத்தை ஸ்கேலாக எடுக்கக் கூடாது. பிளக் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து அதே 16 மி.மீ. அறுகோணம் படத்தில் 16-லிருந்து 18.5 மி.மீ. வரை தெரியும்.

## உலோக வேலையில் பார்க்க வேண்டியவை

மரை. நல்ல பிளக்கின் மரை உருட்டி எடுத்தது. உச்சிகள் வழவழப்பாக, ஒரே உயரத்தில், நிக்கல் பூச்சின் சீரான பளபளப்போடு இருக்கும். வெட்டி எடுத்த மலிவான மரையில் உச்சிகள் கூராகவும் பிசிறோடும் தெரியும். கீழ்நுனியில் மரை ஆரம்பிக்கும் முதல் சுற்றைப் பார்த்தால் விஷயம் சீக்கிரம் புரிந்துவிடும். பிசிறு தங்குவது அங்கேதான்.

வாஷர். என்ஜிகேயின் வாஷர் தகட்டை மடித்துச் செய்தது. இறுக்கும்போது நசுங்கி அடைப்பாக மாறும். அது மரையைத் தாண்டிக் கீழே கழன்று விழாதபடி பிடிமானத்தோடு ஏற்றப்பட்டிருக்கும். போலியில் பெரும்பாலும் தட்டையான வளையம்தான், மரைமேல் தொளதொளவென்று சாய்ந்து கிடக்கும். பிளக்கைத் தலைகீழாகப் பிடித்து ஒரு படம், நேராகப் பிடித்து ஒரு படம் என்று கேட்டால், வாஷர் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கிறதா இல்லை நழுவுகிறதா என்று தெரிந்துவிடும்.

வாஷர் இன்னொரு கதையும் சொல்லும். அது ஏற்கெனவே நசுங்கித் தட்டையாகியிருந்தால் அந்தப் பிளக் ஒருமுறை இன்ஜினில் ஏறியது. அறுகோணத்தின் முனைகளில் பூச்சு தேய்ந்து ஸ்பேனர் தடம் தெரிந்தாலும் அதே அர்த்தம்தான். நுனியை மணல் அடித்துச் சுத்தமாக்கிப் புதுசு என்று விற்கும் பிளக்குகள் இந்த இரண்டு இடத்தில்தான் பிடிபடுகின்றன.

நடுமுனை. இரிடியம் பிளக்கின் உயிர் இங்கே இருக்கிறது. என்ஜிகேயின் IX வரிசையில் நடுமுனையின் விட்டம் 0.6 மி.மீ., டென்சோவின் இரிடியம் பவர் வரிசையில் 0.4 மி.மீ. அந்த மெல்லிய முனை, அதைத் தாங்கும் நிக்கல் தண்டோடு லேசரால் சுற்றிலும் பற்றவைக்கப்பட்டிருக்கும். படத்தில் அது முனைக்குக் கீழே சிறிய வளையமாகத் தெரியும். போலியில் நிக்கல் தண்டையே கூராகச் சீவிவிட்டிருப்பார்கள். சீவிய முனையில் வளையம் இருக்காது, தண்டிலிருந்து நுனிவரை ஒரே சரிவாக இறங்கும்.

எதிர்முனை. நடுமுனைக்கு எதிரே வளைந்து நிற்கும் பட்டையின் நுனி நடுமுனைக்கு நேராக வரவேண்டும். IX வரிசையில் அந்த நுனி இரு பக்கமும் குறுகிச் செதுக்கியிருக்கும். பட்டை கூட்டோடு சேரும் பற்றவைப்பு ஒரு பக்கமாக ஒதுங்கி, கசிந்த உலோகம் வழிந்து நின்றால் அதை எடுக்க வேண்டாம். அந்தப் பற்று விட்டுப்போனால் பட்டை சிலிண்டருக்குள் விழும். பிளக்கில் மிச்சம் பிடித்த பணத்தைவிடப் பல மடங்கு வால்வுக்கும் பிஸ்டனுக்கும் போய்விடும்.

## படமே ஏமாற்றும் இடங்கள்

வாட்ஸாப்பில் வரும் படம் பெரும்பாலும் சுருக்கப்பட்டே வருகிறது. சுருக்கும்போது முதலில் அடிபடுவது சின்ன எழுத்துகளின் ஓரம். எழுத்து மங்கலாக இருப்பதால் மட்டும் போலி என்று சொல்லிவிடக் கூடாது. அதே படத்தில், அதே தூரத்தில் இருக்கும் மரையின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். மரையும் மங்கலாக இருந்தால் குறை கேமராவுடையது. மரை கத்திபோல் துல்லியமாக இருந்து எழுத்து மட்டும் கசிந்திருந்தால் குறை அச்சினுடையது.

ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் எந்தப் பூச்சும் பளபளவென்றுதான் இருக்கும். பூச்சின் தரத்தை நிழலில், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில்தான் பார்க்க வேண்டும். ரொம்பக் கிட்ட வைத்து எடுத்தால், கேமராவுக்கு அருகில் இருக்கும் முனை பெருத்து, தூரத்து முனை சிறுத்துத் தெரியும், நம் பிக்சல் கணக்கும் தவறிவிடும். ஓரடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்த படமே அளவெடுக்க உதவும்.

ஓடிய பிளக்கைப் படத்தில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கண்டு பயப்படுவதுண்டு. பீங்கான் உலோகக் கூட்டிலிருந்து வெளியே வரும் இடத்தில் பழுப்பு வளையம் தெரியும். வாயு கசிந்த தடம் என்று நினைத்துவிடுவார்கள். உயர் மின்னழுத்தம் காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகள்களைப் பீங்கானில் ஒட்டவைப்பதால் வரும் கறை அது. நல்ல பிளக்கிலும் வரும். ஆனால் புதுசு என்று விற்பவரின் படத்தில் அந்த வளையம் இருந்தால், பிளக் ஓடியிருக்கிறது என்று பொருள்.

## ஒரு விளம்பரத்தைப் படித்துப் பார்ப்போம்

மேலே சொன்னதை ஒரு மாதிரிக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். விளம்பரத்தில் CPR8EAIX-9, மூன்று படம். பெட்டியின் அச்சு கச்சிதம், பீங்கானில் எழுத்து தெளிவு.

பக்கவாட்டுப் படத்தில் மரையின் அகலம் 410 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். நீளம் 770 பிக்சல். 770-ஐ 410-ஆல் வகுத்தால் 1.88, அதாவது ஏறக்குறைய 19 மி.மீ. குறியோடு பொருந்துகிறது. இடைவெளி 37 பிக்சல், கணக்குப் போட்டால் 0.9 மி.மீ. அதுவும் சரி. இதுவரை பார்த்தால் யாரும் வாங்கிவிடுவார்கள்.

நடுமுனைக்கு வருவோம். 0.6 மி.மீ. முனை இந்தப் படத்தில் 25 பிக்சல்தான் இருக்க வேண்டும். அளந்தால் 58 பிக்சல். மில்லிமீட்டரில் 1.4. அளவெடுப்பதில் நாலைந்து பிக்சல் தவறலாம். இரண்டு மடங்குக்குமேல் தவறாது. கீழே பற்றவைத்த வளையமும் இல்லை. IX என்று அச்சிட்ட நிக்கல் பிளக் இது. மற்ற அளவுகள் எல்லாம் சரியாக இருப்பதும் புரிகிறது. சாதாரண 19 மி.மீ. பிளக் ஒன்றை எடுத்து, முனையைச் சீவி, மேலே வேறு பெயர் அடித்திருக்கிறார்கள். வண்டி ஓடும். ஆனால் இரிடியத்தின் ஆயுளை நம்பி மாற்றாமல் விட்டால், நிக்கல் முனை தேய்ந்து இடைவெளி அகன்று, காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியாகிவிடும்.

நாலு பிளக் கொண்ட செட்டாக இருந்தால் எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்ட அறுகோணத்தில் குத்தியிருக்கும் லாட் குறியையும் படமாகக் கேட்கலாம். பெட்டிக்கு ஒரு நேர்மையான சோதனை உண்டு: இந்தியாவில் விற்கும் பொதி எதுவானாலும் அதிகபட்ச விலை, தயாரித்த அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, மாதமும் வருடமும், நுகர்வோர் தொடர்பு ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பிளக் என்று சொல்லிவிட்டு இறக்குமதியாளர் பெயரே இல்லாத பெட்டியைக் காட்டினால் கேள்வி கேட்கலாம். விவரங்கள் இருப்பதாலேயே அசல் ஆகிவிடாது, அச்சுதானே.

## ரிமோட் சாவியில் கூடு எதுவும் சொல்லாது

பிளக்கில் வெளியே தெரியும் உலோகமே பாதிப் பொருள். ரிமோட் சாவியில் கூடு வெறும் உறை, வேலை செய்வது உள்ளே இருக்கும் போர்டும், சரியான சாவிதான் என்று வண்டிக்குச் சொல்லி இன்ஜினை ஓடவிடும் இம்மொபிலைசர் சில்லும். கூட்டை வைத்து உள்ளே இருப்பதைத் தீர்மானிப்பதில்தான் எல்லாத் தவறும் நடக்கிறது.

கூட்டின் நேர்த்தியைப் பார்க்கத் தெரிந்துகொள்வது நல்லதுதான். வாகனக் கம்பெனியின் கூட்டில் மேற்பரப்பு சீரான மங்கல் பொறிப்போடு இருக்கும், இரண்டு பாதிகள் சேரும் கோடு முடிபோல் மெல்லியதாக ஓடும். மலிவான கூட்டில் அந்தக் கோட்டில் பிளாஸ்டிக் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும், உள்ளே திருகுக்கால் இருக்கும் இடத்தின் மேலே லேசான குழி விழுந்திருக்கும். அந்தக் குழி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் படத்திலேயே தெரியும். ஆனால் வெளிக்கூடு மட்டும் வாங்குவதில் தவறில்லை. ரப்பர் பட்டன் கிழிந்த சாவிக்கு மாற்றுக் கூடு போட்டு, பழைய போர்டை அதில் மாற்றிக்கொள்வது சிக்கனமான வழி. பிரச்சனை எழுவது, வெறும் கூட்டை முழுச் சாவி என்று எண்ணி வாங்கும்போது.

திறந்த சாவியின் படத்தில் பார்க்கவேண்டியவை மூன்று.

1. அலைவரிசை. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ரிமோட் சாவிகள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன. அமெரிக்க, ஜப்பானியச் சந்தைக்கான சாவிகள் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதை ஒட்டியவை. கூடும் பட்டன் எண்ணிக்கையும் அச்சுக் குத்தியதுபோல் ஒன்றாகவே இருக்கும். இலங்கையில் ஓடும் ஜப்பானிய ரீகண்டிஷன் வண்டிகளுக்கு இந்திய, ஐரோப்பியச் சாவியை வரவழைத்து ஏமாறுவது இதனால்தான். போர்டில் உள்ள வெள்ளி நிறச் சிறு டப்பாவில் R433 அல்லது R315 என்று தொடங்கும் குறி இருந்தால் விடை நேராகக் கிடைக்கிறது. அதற்குப் பதில் கிரிஸ்டல் இருந்து, அதில் 13.560 என்று எழுதியிருந்தால், அதை 32-ஆல் பெருக்க 433.92 வரும். 9.843 என்று இருந்தால் பெருக்கி வருவது 315. எல்லாச் சில்லும் 32 மடங்குதான் பெருக்கும் என்பதில்லை, அதனால் வேறு எண் தெரிந்தால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

2. இம்மொபிலைசர் சில்லு. பழைய சாவிகளில் இது போர்டோடு சேராமல், கண்ணாடிக் குப்பி அல்லது கருப்பு நிறச் சிறு கட்டையாகக் கூட்டின் ஒரு குழியில் தனியே இருக்கும். புதிய சாவிகளில் போர்டிலேயே இணைந்திருக்கும். தனியாக இருக்கும் வகையில், விளம்பரப் படத்தில் அந்தக் குழி காலியாக இருந்தால் சாவி கதவைத் திறக்கும், இன்ஜினைத் திறக்காது. கூடு மாற்றும்போதும் இதே விபத்து நடக்கும். போர்டை மட்டும் எடுத்துக்கொண்டு பழைய கூட்டைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். சில்லு அதற்குள்ளேயே ஒட்டிக்கொண்டு போயிருக்கும்.

3. பின்புறத்து அனுமதி எண். அமெரிக்கச் சந்தைச் சாவிகளில் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி தரும் எஃப்சிசி ஐடி என்ற எண் இருக்கும். அதன் முதல் மூன்று அல்லது ஐந்து எழுத்துகள் அனுமதி பெற்ற நிறுவனத்தைக் குறிக்கும். எண்ணை எஃப்சிசி ஆணையத்தின் தளத்தில் தேடினால் எந்த அலைவரிசைக்கு அனுமதி என்று பார்க்கலாம். அந்த எண் அச்சானது கூட்டில். போர்டு வேறு இடத்திலிருந்து வந்திருக்கலாம். எனவே எண் சொல்லும் அலைவரிசையும் போர்டில் தெரியும் அலைவரிசையும் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

பயன்படுத்திய சாவியை வாங்குவதில் ஒரு தடை உண்டு, அதை எந்தப் படமும் காட்டாது. பல வண்டிகளின் சில்லு ஒருமுறை ஒரு வண்டியோடு இணைக்கப்பட்டதும் பூட்டப்பட்டுவிடும், இன்னொரு வண்டிக்கு ஏற்ற முடியாது. வாங்கும் முன் சாவி புரோகிராம் செய்பவரிடம் உங்கள் மாடலுக்குப் பழைய சாவி ஏற்குமா என்று கேட்டுவிட வேண்டும்.

விற்பவர் ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் சாவியின் படத்தைக் கேட்டால் உலோக நாக்கை மறைத்து அனுப்புங்கள். படத்தில் தெரியும் வெட்டுகளை வைத்தே மாற்றுச் சாவி வெட்ட முடியும் என்று 2008-இல் சான் டியேகோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். சாவியோடு வந்த உலோகத் தகட்டில் இருக்கும் எண்ணையும் யாருக்கும் அனுப்பக் கூடாது. அது இருந்தால் படம்கூட வேண்டியதில்லை.

## விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்

பிளக் என்றால், ஓரடி தள்ளிப் பக்கவாட்டில் எடுத்தது ஒன்று, நடுமுனையை நெருங்கி எடுத்தது ஒன்று, தலைகீழாகப் பிடித்து வாஷர் தெரிய ஒன்று, லாட் குறியுள்ள அறுகோணம் ஒன்று. பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய தாளை வைக்கச் சொன்னால், எங்கிருந்தோ எடுத்த படத்தை அனுப்ப முடியாது. சாவி என்றால் கூட்டைத் திறந்து போர்டின் இரு பக்கமும், காலியாக இருக்கும் கூட்டின் உட்புறமும். திறக்க முடியாது என்று சொல்பவரிடம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

பிளக் கைக்கு வந்ததும் படம் சொல்லாததை மல்ட்டிமீட்டர் சொல்லும். R குறியுள்ள பிளக்கில், மேலே வயர் மாட்டும் முனைக்கும் கீழே நடுமுனைக்கும் இடையே சுமார் 5 கிலோ ஓம் காட்டவேண்டும். பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டினால் உள்ளே ரெசிஸ்டர் இல்லை. அந்தப் பிளக்கின் மின்னிரைச்சல் இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் குழப்பும். அளவுக்கு மீறி ஏறினாலோ இணைப்பே இல்லை என்று காட்டினாலோ உள்ளே கோளாறு. இரண்டிலும் பிளக்கை இன்ஜினில் ஏற்றாமல் திருப்பி அனுப்பலாம். ஒருமுறை இறுக்கி வாஷர் நசுங்கிவிட்டால் புதுசு என்று விற்பவர் திரும்ப வாங்கமாட்டார்.